கால்மிதி உடுக்கையாகும் கதை

பழைய புடவையைக் கிழித்து நான் முதன்முதலில் நெய்த கால்மிதி, இரு முனைகளிலும் 40 செ.மீ. அகலம், நடுவில் 34. வீட்டில் அதை உடுக்கை என்றே கூப்பிட்டார்கள். நெய்யும்போது நூலை இழுத்துவிட்டேன் போல என்று நினைத்தேன். இழுக்கவேயில்லை என்பது பிறகுதான் புரிந்தது. நான் செய்த தப்பு, ஊடையை, அதாவது குறுக்கே ஓடும் துணியை, நேராகப் போட்டது.

முதலில் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டும் நூல். நாலு ரீப்பர் கட்டைகளைச் சேர்த்த சட்டம், மேலும் கீழும் 1 செ.மீ. இடைவெளியில் 41 ஆணிகள், இரு வரிசைக்கும் நடுவே 60 செ.மீ. ஆணி அடித்ததும் மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப்பால் அளந்துவிட வேண்டும். 40-க்கு 60 என்றால் இரண்டும் 72 செ.மீ. சொச்சம் வரும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சட்டம் கோணியிருக்கிறது; விரிப்பும் கோணும்.

பாவுக்கு முறுக்கான பருத்தி நூல், 2 மி.மீ. கனம். கீழே இடது ஆணியில் முடிந்து, மேலே போய், பக்கத்து ஆணியையும் சுற்றிக் கீழே வர வேண்டும். அங்கும் பக்கத்து ஆணிக்குத் தாண்டி மறுபடி மேலே. இப்படிப் போனால் ஆணிக்கு ஓர் இழை, இழைக்கு இழை 1 செ.மீ. ஓரத்து இழைகளை மட்டும் இரட்டையாகப் போடுகிறேன், அடி வாங்குவது அவைதான். மொத்தம் 27 மீட்டர் நூல் போதும்.

கடைசி ஆணியில் உடனே முடிச்சுப் போடக் கூடாது. ஓர் இழையை ஒரு கிலோ கனத்துக்கு இழுத்தால் 41 இழையும் சேர்ந்து கட்டையை 41 கிலோவுக்கு இழுக்கின்றன. அது மயிரிழை அளவாவது வளைகிறது. அதனால் முதலில் விறைப்பாகக் கட்டிய இழைகள், பிந்தியவை ஏற ஏறத் தொய்ந்துவிடும். எனவே கடைசியில் தற்காலிகச் சுருக்கு மட்டும் போட்டு, முதல் இழையிலிருந்து தொய்வைக் கையால் வாங்கிக்கொண்டே மறுபடி ஒருமுறை வந்து, அப்புறம் முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் பாவை அழுத்திப் பாருங்கள். தொய்ந்த இழை கைக்குத் தெரியும். அதிக விறைப்பைவிட ஒரே விறைப்புதான் முக்கியம்.

இனி உடுக்கைக்கு வருவோம். 3 செ.மீ. அகலத்தில் கிழித்த புடவைத் துணி, சீப்பால் அடித்து இறுக்கியதும் ஏறக்குறைய 3 மி.மீ. கனத்துக்கு வரும். பாவு விறைப்பாக நேரே நிற்கிறது; துணிதான் ஓர் இழைக்கு மேலே ஏறி அடுத்ததற்குக் கீழே இறங்குகிறது. ஓர் இழையிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் அதன் நடுக்கோடு 5 மி.மீ. இறங்கியாக வேண்டும். 10 மி.மீ. தூரத்தில் 5 மி.மீ. சரிவு என்றால் பாதை 11.2 மி.மீ. அதாவது 40 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 45 செ.மீ. துணி வேண்டும்.

நேராகப் போட்டால் இருப்பது 40 தான். அடிக்கும்போது குறையும் 5 செ.மீ. எங்கிருந்தோ வந்தாக வேண்டும். துணி ஓரத்து இழைகளை உள்ளே இழுத்துக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. ஒரு வரிசையில் தெரியாத அளவுதான். ஆணிக்குப் பக்கத்தில் ஆணியே இழையைப் பிடித்துக்கொள்ளும், தூரம் போகப் போகப் பிடி விடும். இடுப்பு நடுவில் விழுவது அதனால்தான்.

ஆகவே அந்த 5 செ.மீ.யை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஓரத்து இழையில் திருப்பும் இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, துணியைக் கூரை மாதிரி மேலே ஏற்றி இறக்கி, பிறகு அடிக்க வேண்டும். 40 செ.மீ.க்கு ஒரே கூரை என்றால் உச்சி 10 செ.மீ. அவ்வளவு பெரிய கூரை அடிக்கையில் ஒரு பக்கம் வழியும். பத்து பத்து செ.மீ.க்கு நாலு சின்னக் கூரை போட்டால் உச்சி 2.5 போதும். சரிவு ஒன்றாக இருந்தால் கிடைக்கும் நீளமும் ஒன்றுதான். கொடுத்தது அதிகமானால் ஓரத்தில் காது மாதிரி துணி நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது நடுவில் புடைக்கும்.

பனியன் துணிக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. கை பட்டாலே நீளும். நீண்டபடி நெய்துவிட்டால் சட்டத்திலிருந்து கழற்றிய பிறகு சுருங்கும். அதைத் தொளதொளவென்றே போட வேண்டும்.

ஐந்து செ.மீ.க்கு ஒருமுறை அகலத்தை அளந்து பாருங்கள். டேப்புக்கு முன்பே கண் சொல்லிவிடும்: ஓரத்தில் கடைசி இரண்டு இழைகளின் இடைவெளி நடுவில் உள்ளதைவிடக் குறுகினால் இழுப்பு தொடங்கிவிட்டது. அரை செ.மீ. வரை போயிருந்தால் ஓரத்து இழையைச் சட்டத்தின் பக்கக் கட்டையோடு சணலால் கட்டி நிறுத்தி, கூரையைக் கொஞ்சம் உயர்த்தினால் திரும்பிவிடும். ஒரு செ.மீ. போய்விட்டால் பிரித்துவிடுவது நல்லது, குறுக ஆரம்பித்த வரிசை வரைக்கும். நான் பிரிக்க மனமில்லாமல் துணியை அதிகம் விட்டு ஒரே மூச்சில் அகலத்தை மீட்கப் பார்த்தேன். அந்த இடம் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது, இன்றுவரை தரையில் படிவதில்லை.

மேல் ஆணிக்குக் கடைசி நாலு செ.மீ.யில் கையும் சீப்பும் நுழையாது. அங்கே துணியைக் கோணி ஊசியில் கோத்து இழை இழையாக ஓட்டுகிறேன். கூரை போட இடமிருக்காது, ஆனால் அங்கே அகலத்தை ஆணி பார்த்துக்கொள்ளும்.