கரண்ட் பில் குறைந்தால் அது மிச்சமா? ஒரு காலாண்டு மீளாய்வின் கணக்கு

கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் நூற்பாலைகளில் மின்சாரச் சிக்கன ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. ஆலைக்குள் விசிறிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டுவார்கள், கம்ப்ரெசர் குழாய்களில் காற்றுக் கசிவை அடைப்பார்கள். கூலி பெரும்பாலும் மிச்சமான மின்சாரத்தில் ஒரு பங்கு. எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆலை முதலாளி, ஸ்பின்னிங் மேனேஜர், எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் மூவரையும் உட்காரவைத்து, “உங்களுக்கு இவ்வளவு மிச்சமாயிருக்கிறது, அடுத்து இதைச் செய்யப் போகிறோம்” என்று திரையில் காட்ட வேண்டும். இதைத்தான் க்யூபிஆர் என்கிறார்கள்.

காட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செலவான மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு, செலவாகாத மின்சாரத்துக்கு மீட்டர் கிடையாது. மிச்சம் என்பது, எதுவும் செய்யாமல் விட்டிருந்தால் எவ்வளவு ஓடியிருக்கும் என்ற கற்பனை எண்ணிலிருந்து, உண்மையில் ஓடிய எண்ணைக் கழித்தால் வருவது. அந்தக் கற்பனை எண்ணை எப்படிக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, அதே ஆலைக்கு, அதே காலாண்டுக்கு மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கும்.

சிக்கன நிறுவனத்தின் இடத்தில் நின்று ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 40ஆம் நம்பர் நூல் ஓட்டும், சுமார் 12,000 கதிர் கொண்ட ஆலை. வழக்கமாக மாதம் 1,20,000 கிலோ நூல், 4,50,000 யூனிட் மின்சாரம். போன ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை மொத்தம் 13,50,000 யூனிட். நாம் வேலை முடித்துக் கொடுத்தபின், இந்த ஆண்டு அதே மூன்று மாதத்தில் 11,97,000 யூனிட். வித்தியாசம் 1,53,000. சந்தைப்படுத்தும் பிரிவில் இருப்பவர் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுவிடத் துடிப்பார்.

ஆனால் இந்தக் காலாண்டில் ஆர்டர் குறைவு. 3,60,000 கிலோவுக்குப் பதில் 3,30,000 கிலோதான் ஓடியது. நூல் குறைந்ததால் குறைந்த மின்சாரத்துக்கு நாம் உரிமை கொண்டாட முடியாது.

“அப்படியானால் யூகேஜியில் பார்ப்போம்” என்பார் ஸ்பின்னிங் மேனேஜர். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பதுதான் யூகேஜி, ஆலைக்காரர்களின் அன்றாட அளவுகோல். முன்பு 3.75. இப்போது 3.63. அந்த வித்தியாசத்தை 3,30,000 கிலோவால் பெருக்கினால் மிச்சம் ஏறக்குறைய 40,500 யூனிட்தான். ஒரே அடியில் 1,53,000 என்பது கால் பங்காகிவிட்டது.

இதுவும் தவறு, ஆனால் எதிர்த் திசையில். பேருந்தில் பத்துப் பேர் ஏறினாலும் ஐம்பது பேர் ஏறினாலும் டீசல் செலவில் பெரும்பகுதி மாறாது, ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்தால் மட்டும் கூட்டம் குறைந்த நாளில் எகிறும். ஆலையிலும் அப்படி ஒரு மாறாத செலவு இருக்கிறது: விளக்கு, டிரான்ஸ்பார்மர் இழப்பு, ஈரப்பத நிலைய விசிறிகள், கசிவுக்காகவே ஓடும் கம்ப்ரெசர். உற்பத்தி குறைந்தால் இந்தச் செலவு குறைந்த கிலோக்களின் தலையில் விழும், யூகேஜி தானாக ஏறும். நம் வேலையால் இறங்கியதில் ஒரு பகுதியை அந்த ஏற்றம் விழுங்கிவிட்டது.

சரியான வழி இரண்டையும் பிரிப்பது. வேலை தொடங்குவதற்கு முந்தைய 12 மாதங்களின் உற்பத்தியையும் யூனிட்டையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து, நடுவே ஒரு நேர்கோடு போட வேண்டும். நம் ஆலைக்கு அந்தக் கோடு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: மாதத்துக்கு 90,000 யூனிட் நிலையான செலவு, அதற்கு மேல் கிலோவுக்கு 3 யூனிட். இப்போது இந்தக் காலாண்டின் உற்பத்தியை அதில் போடலாம். நிலையான செலவு மூன்று மாதத்துக்கு 2,70,000, நூலுக்கு 9,90,000, ஆக 12,60,000 யூனிட் ஓடியிருக்க வேண்டும். ஓடியது 11,97,000. மிச்சம் 63,000 யூனிட், அதாவது 5 விழுக்காடு.

இதில் நூல் நம்பர் மாறவில்லை என்று எடுத்துக்கொண்டேன். நடுவில் 60ஆம் நம்பருக்குப் போயிருந்தால் ஒரு கிலோவுக்கான மின்சாரம் நிச்சயம் கூடும், ஏனென்றால் மெல்லிய நூலில் அதே கிலோவை எடுக்கக் கதிர் இன்னும் நெடுநேரம் சுழல வேண்டும். அப்போது எல்லாக் கிலோவையும் 40ஆம் நம்பருக்கு மாற்றிக்கொண்டுதான் கோட்டில் வைக்க வேண்டும். ஆலை அலுவலகத்திலேயே அதற்கான அட்டவணை இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

63,000 என்று திரையில் போட்டுவிடலாமா? இன்னும் இல்லை. பழைய 12 புள்ளிகளே அந்தக் கோட்டின்மேல் அச்சாக உட்காரவில்லை. வெளிக் காற்றின் ஈரம், பஞ்சின் தரம், இரண்டு நாள் மின்தடை என்று ஏதேதோ காரணத்தால் ஒவ்வொரு மாதமும் கோட்டிலிருந்து மேலும் கீழுமாக 9,000 யூனிட் அளவில் விலகியிருக்கின்றன என்று கொள்வோம். மூன்று மாதம் சேரும்போது விலகல்களில் ஒரு பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், அதனால் மூன்றால் அல்ல, மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்குகிறோம்: சுமார் 15,600. அதன் இருமடங்கை இருபுறமும் விட்டால், உண்மையான மிச்சம் 32,000 முதல் 94,000 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மிச்சம் இருக்கிறது என்று சொல்லலாம். இவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடியாது.

மின்சிக்கனத்தை அளப்பதற்கென்று ஐபிஎம்விபி என்ற பன்னாட்டு நெறிமுறை ஒன்று இருக்கிறது. மொத்த பில்லை வைத்து மிச்சத்தைக் காட்டும் வழி, மிச்சம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும் என்பது அதன் பொது அறிவுரை. 5 விழுக்காடு என்றால் மாற்றம் செய்த கருவிக்கே தனி மீட்டர் வைக்க வேண்டும். ஒப்பந்தம் போடும்போது இந்த மீட்டர் செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள், பிறகு ஒவ்வொரு க்யூபிஆரிலும் அதற்காகச் சண்டை போடுவார்கள்.

நம் ஆலையில் மீட்டர் இருக்கிறது என்று கொள்வோம். ஈரப்பத நிலைய விசிறிகள் முன்பு முழு வேகத்தில் 70 கிலோவாட் எடுத்தன. விசிறியின் வேகம் குறைந்தால் மின்திறன் அதன் மும்மடிப் பெருக்கத்தில் இறங்கும்: வேகத்தை 90 விழுக்காடாக்கினால் 0.9ஐ மூன்று முறை பெருக்கி 0.73. ஆக 19 கிலோவாட் மிச்சம், 90 நாளுக்கு 41,000 யூனிட். காகிதத்தில் இப்படி. மீட்டர் காட்டுவது 29,400. மீதி எங்கே போனது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கம்ப்ரெசரிலும் இதே மாதிரி ஏமாற்றம் காத்திருக்கிறது. ஆலை நிற்கும் நாளில் எல்லா இயந்திரமும் அணைந்திருக்க, கம்ப்ரெசரை மட்டும் ஓடவிட்டு, அது எத்தனை நேரம் காற்றை அழுத்தும் லோடில் நிற்கிறது, எத்தனை நேரம் அழுத்தாமல் வெறுமனே சுழலும் அன்லோடில் நிற்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்றால் கொள்ளளவில் கால் பங்கு கசிகிறது. கசிவை அடைத்து 10 விழுக்காடாக்கினோம். 60 கிலோவாட்டில் 15 விழுக்காடு, அதாவது 9 கிலோவாட் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அன்லோடில் நிற்கும் கம்ப்ரெசர் சும்மா நிற்பதில்லை, ஏறக்குறைய 30 விழுக்காடு மின்திறனை எடுத்துக்கொண்டேயிருக்கும். அதைக் கழித்தால் 6.3 கிலோவாட், காலாண்டுக்கு 13,600 யூனிட்.

விசிறி மீட்டரும் கம்ப்ரெசர் சோதனையும் சேர்ந்து 43,000. இது பில் வழி சொன்ன 32,000-94,000 இடைவெளிக்குள் விழுகிறது, ஆக இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. மீதி 20,000 யூனிட் உண்மையாகவே குறைந்திருக்கலாம், வெறும் சிதறலாகவும் இருக்கலாம். ஸ்லைடில் நான் 43,000ஐத்தான் போடுவேன்.

அதை ரூபாயாக்கும் இடத்தில்தான் ஆலையின் கணக்குப் பிரிவு கேள்வி கேட்கும். யூனிட் ரூ.7.50 என்று வைத்தால் 3,22,500 ரூபாய். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையை எடுத்துப் பெருக்கக் கூடாது, ஏனென்றால் ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச மின்திறனுக்கான டிமாண்ட் கட்டணமும் அதில் கலந்திருக்கிறது. அந்தக் கட்டணம் பதிவான டிமாண்டுக்கோ, ஒப்பந்த டிமாண்டின் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கோ, எது கூடுதலோ அதற்குப் போடப்படுவது. ஒப்பந்த டிமாண்டைக் குறைக்காதவரை நாம் மிச்சம் பிடித்த 25 கிலோவாட்டால் அதில் ஒரு பைசாகூட இறங்காமல் போகலாம். ஆலைக்குச் சொந்தக் காற்றாலை இருந்தால், காற்று சீசனில் மிச்சமாகும் யூனிட்டின் மதிப்பும் வேறு.

இன்னொரு எண்ணையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும்: 100 கதிர்-மணிக்கு எத்தனை நூல் அறுவு. விசிறியை மெதுவாக்கினால் கூடத்தின் ஈரப்பதம் இறங்கலாம். ஈரப்பதம் இறங்கினால் நூல் அறும். அறுவு கூடினால் உற்பத்தி போகும், பீஸ் கட்டுபவருக்கு வேலை ஏறும், மூன்று லட்சத்தை ஒரு வாரத்தில் தின்றுவிடும். அறுவு எண் இல்லாத மிச்சக் கணக்கை நல்ல ஸ்பின்னிங் மேனேஜர் கேட்டு முடிக்கும் வரை பொறுக்க மாட்டார்.

இப்போது விசிறியில் காணாமல் போன 11,600 யூனிட். மாதவாரியாகக் கோட்டுக் கணக்கின் மிச்சத்தைப் பார்த்தால் 24,000, 23,000, 16,000. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி வரையும் வரைபடத்துக்குக் கூசம் என்று பெயர். கோடு சீராக ஏறினால் மிச்சம் தொடர்கிறது, சாய்வு தணிந்தால் ஏதோ நின்றுவிட்டது. செப்டம்பரில் சாய்வு தணிகிறது. ஆனால் ஒரு மாதச் சிதறலே 9,000 என்று பார்த்தோம், ஆகவே இந்த 7,000 சரிவை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. விசிறி மீட்டரைத் திறந்தால்தான் தெரிகிறது: ஒரு இரவு டிரைவ் என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ட்ரிப் ஆகி, ஷிப்ட் எலக்ட்ரீஷியன் விசிறியை பைபாஸில் போட்டு முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறார். உற்பத்தி நிற்கக் கூடாதல்லவா, அவர் செய்தது சரிதான். ஆனால் அதைத் திரும்ப மாற்ற 20 நாள் ஆனது. அதில் போனது 9,100 யூனிட். மீதி 2,500 டிரைவுக்குள்ளேயே வெப்பமாகப் போன இழப்பு, அது எப்போதும் இருக்கும்.

அடுத்த காலாண்டின் முன்னுரிமைகள் இந்தக் கணக்கிலிருந்தே வருகின்றன. முதலாவது, பைபாஸுக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் போனுக்குச் செய்தி போகும்படி ஒரு அலாரம். செலவு சொற்பம், திரும்பக் கிடைப்பது 20 நாளுக்கு 9,100 யூனிட். இரண்டாவது, மீதமுள்ள 10 விழுக்காடு கசிவு. அடைத்த இடங்களும் சில மாதத்தில் மறுபடி கசியத் தொடங்குவது வழக்கம், எனவே அடுத்த ஆலை நிறுத்த நாளில் அதே லோடு-அன்லோடு சோதனை. மூன்றாவதாக கம்ப்ரெசர் அழுத்தத்தை 7 பாரிலிருந்து 6.5க்கு இறக்கலாம், 3 விழுக்காடு மின்திறன் குறையும். ஆனால் நூலைக் கூம்பில் சுற்றும் ஆட்டோகோனர் அந்த அழுத்தத்தில் அறுந்த நூலை ஒழுங்காக இணைக்கிறதா என்பதை ஒரு இயந்திரத்தில் ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான், அதுவும் ஸ்பின்னிங் மேனேஜர் குறிக்கும் தேதியில்.