தடித்த எழுத்தில் இல்லாத எண்கள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது தடித்த எழுத்தைத்தான். எந்த எண்ணாவது தடித்திருக்கிறதா, பக்கத்தில் `H` அல்லது `L` இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் ‘நார்மல்’ என்று மடித்துக் கோப்பில் வைத்துவிடுவார்கள். குறை சொல்ல முடியாது. அவசரமான நாட்களில் மருத்துவர்களான நாங்களும் அதைத்தான் செய்கிறோம்.

போன வருடம் மார்ச்சில் 62 வயதுப் பெரியவர் ஒருவரை அவருடைய மகன் அழைத்து வந்தார். முழங்கால் வலிக்காக வந்திருந்தார்கள். கோப்பில் நான்கு வருட ரிப்போர்ட்டுகள் இருந்தன. “ஒரே ஒரு தடவை கிரியேட்டினின் ஏறிச்சு டாக்டர், பயந்துட்டோம். அப்புறம் இறங்கிடுச்சு. இப்ப எல்லாம் நார்மல்” என்றார் மகன். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு; வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் அந்த எண் ஏறும். மகன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஆறு தாள்களையும் புரட்டி, ஒரு வெள்ளைத் தாளில் கீழே உள்ளபடி எழுதியதும் கதை மாறிவிட்டது.

| மாதிரி எடுத்த நாள் | ரிப்போர்ட்டில் உள்ளபடி | அந்த லேபின் இயல்பு வரம்பு | மி.கி/டெ.லி-யில் | அப்போது நடந்தது |
|---|---|---|---|---|
| 12 மார்ச் 2021 | 0.8 மி.கி/டெ.லி | 0.7–1.3 | 0.8 | நலம் |
| 20 செப்டம்பர் 2022 | 0.9 மி.கி/டெ.லி | 0.7–1.3 | 0.9 | நலம் |
| 8 நவம்பர் 2023 | 88 மைக்ரோமோல்/லி | 62–115 | 1.0 | வேறு லேப். வலி மாத்திரை தொடங்கி ஒரு வருடம் |
| 4 ஜூன் 2024 | 1.4 மி.கி/டெ.லி `H` | 0.7–1.3 | 1.4 | மூன்று நாள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் |
| 21 ஜூன் 2024 | 1.1 மி.கி/டெ.லி | 0.7–1.3 | 1.1 | குணமான பின் |
| 10 மார்ச் 2025 | 1.2 மி.கி/டெ.லி | 0.7–1.3 | 1.2 | நலம். வலி மாத்திரை தினமும் |

`H` விழுந்த 1.4-ஐ ஒரு விரலால் மறைத்துக்கொண்டு கடைசிப் பத்திக்கு முந்தையதை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். 0.8, 0.9, 1.0, 1.1, 1.2. எல்லாமே வரம்புக்குள் இருக்கின்றன. எல்லாமே ஏறுமுகமாகவும் இருக்கின்றன. வீடே பயந்த அந்த 1.4, வயிற்றுப்போக்கில் உடம்பு நீர் வற்றிக் கிடந்த நாளின் எண். இரண்டே வாரத்தில் இறங்கியும் விட்டது. ஆனால் இறங்கி நின்ற இடம் 1.1. பழைய 0.8-க்கோ 0.9-க்கோ அது திரும்பவில்லை. 1.4-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் 1.1 எல்லோருக்கும் நல்ல செய்தியாகத் தெரிந்தது.

வரம்புக்குள் இருக்கும் எண்ணை எப்படிச் சந்தேகப்படுவது என்று மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த 0.7–1.3 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ஆரோக்கியமான பலரைப் பரிசோதித்து, வந்த எண்களை வரிசைப்படுத்தி, இரு ஓரத்திலும் இரண்டரை இரண்டரை சதவீதத்தைக் கழித்துவிட்டு, நடுவில் உள்ள 95 சதவீதத்தை ‘இயல்பு’ என்று அச்சிடுகிறார்கள். வழக்கமாக வரம்பு இப்படித்தான் உருவாகிறது. அதில் ஒல்லியானவரும் இருப்பார், தசை கட்டிய ஆளும் இருப்பார். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது என்பதால் அவர்களுக்கு இடையே எண் நிறையவே வேறுபடும். அதனால்தான் வரம்பு இவ்வளவு அகலம். ஆனால் ஒரே மனிதருக்குள் அது அவ்வளவு அலைவதில்லை. உடம்பின் அன்றாட ஏற்ற இறக்கத்தையும் கருவியின் சிறு பிழையையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒருவரின் இரண்டு அளவுகளுக்கு இடையே சுமார் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருப்பதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. அதைத் தாண்டினால் உண்மையில் ஏதோ மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அளவுகோலை இந்த அட்டவணையில் வைத்துப் பாருங்கள். 0.8-லிருந்து 0.9 என்றால் 12.5 சதவீதம், விட்டுவிடலாம். 0.9-லிருந்து 1.0 போனது 11 சதவீதம், அதையும் விடலாம். அடுத்த இரண்டு படிகளும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் போன தடவையோடு மட்டும் ஒப்பிட்ட மருத்துவர் யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் முதல் வரியையும் கடைசி வரியையும் பக்கத்தில் வைத்தால் 50 சதவீத உயர்வு. பக்கத்துப் படியைப் பார்த்தால் தெரியாததைக் காட்டத்தான் முழு வரிசையையும் எழுதுவது. அதனால் அட்டவணை போடும்போது ‘கடைசி இரண்டு ரிப்போர்ட் போதும்’ என்று நிறுத்தாதீர்கள். நோய் எதுவும் இல்லாத காலத்தில் எடுத்த ரிப்போர்ட் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அதுதான் முதல் வரி. அவருக்கு அதுதான் அவருடைய சொந்த நார்மல்.

சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனாக மாற்றினால் இன்னும் தெளிவாகும். ரிப்போர்ட்டில் `eGFR` என்று வருமே, அதுதான். வயது, பாலினம், கிரியேட்டினின் மூன்றையும் வைத்துச் சூத்திரத்தில் போடுகிறார்கள். இப்போது பரவலாகப் பயன்படும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் நானே போட்டுப் பார்த்தேன். 58 வயதில் 0.8-க்கு 100-ஐக் கொஞ்சம் தாண்டி வந்தது; 62 வயதில் 1.2-க்கு 68. வயதாக ஆக இது வருடத்துக்கு ஒன்று போலக் குறைவது எதிர்பார்க்கக்கூடியதுதான். நான்கு வருடத்தில் முப்பதுக்கு மேல் குறைந்தது அப்படிப்பட்டதல்ல. ஒன்று கவனியுங்கள்: பழைய ரிப்போர்ட்டில் அச்சான `eGFR` எண்ணை அப்படியே அட்டவணையில் எழுதக் கூடாது. ஒரு லேப் பழைய சூத்திரத்தையும் இன்னொன்று புதியதையும் பயன்படுத்தியிருக்கலாம். பல லேப்கள் 90-க்கு மேல் போனால் `>90` என்று மட்டும் போட்டு நிறுத்திவிடும். எல்லா வரிக்கும் ஒரே சூத்திரத்தில் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

நவம்பர் 2023 வரியைப் பாருங்கள். 88 என்ற எண்ணைப் பார்த்து வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. `H` இல்லாததால் விட்டுவிட்டார்கள். கிரியேட்டினினை மைக்ரோமோலில் தந்திருந்தால் 88.4-ஆல் வகுத்தால் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். இந்த 88.4 கிரியேட்டினினுக்கு மட்டுமே உரியது. குளுக்கோஸுக்கு வேறு எண், கொலஸ்ட்ராலுக்கு வேறு எண். மாற்றிய எண்ணைத் தனிப் பத்தியில் எழுதி, ரிப்போர்ட்டில் இருந்ததை இருந்தபடியே விட்டுவைக்க வேண்டும். வகுத்தது தவறிப்போனால் பிறகு சரிபார்க்க அந்த மூல எண்தான் துணை. வரம்பையும் அந்தந்த லேபின் தாளிலிருந்தே, அதே அலகில் எடுத்து அந்த எண்ணின் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் வரம்போடு ஒட்டவைத்த அட்டவணைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதைவிட வரம்பே போடாமல் விட்டிருக்கலாம்.

அலகை மாற்றுவது சுலபம்; அளக்கும் முறை மாறினால் அப்படி வகுத்துச் சரிசெய்ய முடியாது. கிரியேட்டினினை நொதி முறையிலும் அளக்கலாம், பழைய பிக்ரேட் நிறமுறையிலும் அளக்கலாம். இரண்டாவதில் கீட்டோன் போன்ற வேறு பொருட்களும் நிறம் தந்து எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டக்கூடும். எனவே லேப் மாறிய வரிக்கு அருகில் ஒரு குறி போட்டு வைப்பேன். அந்த ஒரு எண் மட்டும் தாவியிருந்தால் லேபைச் சந்தேகப்படுவேன். இங்கே நவம்பர் வரியை முழுவதும் அடித்துவிட்டாலும், ஒரே லேபில் எடுத்த 0.8, 0.9, 1.1, 1.2 அதே கதையைத்தான் சொல்கின்றன. அதனால் லேப் மாறியதைக் காரணமாகச் சொல்ல இங்கே இடமில்லை.

மகன் கணினியில் நன்றாக வேலை செய்பவர். அன்று இரவே இதை விரிதாளில் ஏற்றி அனுப்பினார். அதில் ஒரு வேடிக்கை நடந்திருந்தது. `04-06-2024` என்று அவர் தட்டியதை அந்த மென்பொருள் ஏப்ரல் 6 என்று எடுத்துக்கொண்டுவிட்டது. `21-06-2024`-ஐ அப்படித் திருப்ப முடியாது, 21-ஆம் மாதம் கிடையாதே. ஆக, 17 நாளில் இறங்கிய 1.4 இரண்டரை மாதம் கழித்து இறங்கியது போல வரைபடத்தில் வந்தது. சில நாட்களில் சரியாகும் நீர்வற்றலும், மாதக்கணக்கில் இழுக்கும் சிறுநீரகக் கோளாறும் எங்களுக்கு ஒன்றல்ல. மாதத்தை எழுத்தில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. அப்புறம், எழுத வேண்டியது ரத்தம் எடுத்த நாள். ரிப்போர்ட் அச்சான நாள் வேறாக இருக்கலாம்.

அட்டவணையிலேயே எனக்கு அதிகம் உதவியது கடைசிப் பத்தி. எந்த லேபும் அதை அச்சிட்டுத் தராது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். “இந்த வலி மாத்திரை எப்போதிலிருந்து, ஐயா?” என்று கேட்டபோது பெரியவர், “அது சும்மா, கடையில வாங்கிப் போட்டுக்கறதுதான். ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும்” என்றார். மருந்து என்றே அவர் அதைக் கணக்கில் வைக்கவில்லை. இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் சிறு குழாய்களைச் சுருங்கவைக்கும். ஏற்கெனவே உடம்பு நீர் வற்றியிருந்தால் அடி இன்னும் பலமாக விழும். ஜூனில் 1.4 வரை ஏறியதற்கும் அதன் பங்கு இருந்திருக்கும்.

ஆனால் அட்டவணையால் இதற்கு மேல் போக முடியாது. காரணம் மாத்திரையா, ரத்த அழுத்தமா, வேறு எதுவுமா என்பதை எண்களின் வரிசை சொல்லாது. நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு என்று பெயர் வைக்கக்கூட, கோளாறு மூன்று மாதமாவது நீடித்ததற்கு ஆதாரம் வேண்டும். `eGFR` 60-க்குக் கீழே போகாதவரை சிறுநீரில் புரதம் போன்ற வேறு அடையாளமும் வேண்டும். அவருக்கு அன்று ரத்த அழுத்தம் 154/96. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது, 140 இருந்தது. வலி மாத்திரையை நிறுத்தினோம். வடிகட்டிகளுக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் வகை ரத்த அழுத்த மாத்திரை ஒன்றைத் தொடங்கினோம்.

மூன்று வாரம் கழித்து மகனிடமிருந்து போன் வந்தது. “டாக்டர், 1.3 வந்திருக்கு. மருந்து போட்டும் ஏறுதே?” என்றார், குரலில் பதற்றம். கடைசிப் பத்தியில் அந்த நாளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “புது மாத்திரை, 21-ஆம் நாள்” என்று வாசித்தார். இந்த வகை மாத்திரை தொடங்கியதும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். பொட்டாசியம் சரியாக இருந்து, உயர்வு 30 சதவீதத்துக்குள் நின்றால் தொடரலாம். இவருக்கு ஏறியது 8 சதவீதம். பொட்டாசியத்தைக் கேட்டேன், 4.6 என்றார். அதற்கும் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னேன். ஜூலையில் அடுத்த வரி: 1.2, அல்புமின் 60, வலி மாத்திரை இல்லை.