ஆழிணைப்பு: டீப் லிங்க் என்பதற்குத் தமிழ்

புத்தகக் கடைச் செயலியில் கண்ட ஒரு நூலின் இணைப்பை நண்பர் அனுப்புகிறார். அதைத் தொட்டதும் செயலி திறந்து, முகப்பில் நிற்காமல் நேரே அந்த நூலின் திரைக்குப் போகிறது. இப்படி உள்ளே இருக்கும் ஒரு திரைக்குக் கொண்டு சேர்க்கும் இணைப்பே டீப் லிங்க்.

சொல் செல்பேசியோடு பிறந்ததல்ல. முகப்பைத் தாண்டி ஒரு தளத்தின் உட்பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பதை 1990களிலேயே அப்படி அழைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் தன் உட்பக்கங்களுக்கு நேரே இணைப்புக் கொடுக்கிறது என்று நுழைவுச்சீட்டு விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் 1997இல் வழக்கே தொடுத்தது. அன்று சண்டைக்குரியதாக இருந்ததை இன்று கடைகளே விரும்பிச் செய்கின்றன.

செயலிகளில் முதலில் பரவிய வடிவம் இது:

```
kadai://nool/25
```

செயலி இருந்தால் சரி. இல்லாவிட்டால், இந்த முகவரி இன்னதென்றே தெரியாமல் உலாவி பிழை காட்டும். இதே kadai என்ற பெயரை வேறொரு செயலி பதிந்துகொள்ளவும் தடையில்லை. அதனால் 2015இல் ஐஓஎஸ் 9, ஆண்ட்ராய்டு 6 இரண்டும் சாதாரண வலை முகவரியையே பயன்படுத்தும் வழியைக் கொண்டுவந்தன:

```
https://example.com/nool/25
```

செயலி இருந்தால் நூலின் திரை. இல்லையென்றால் அதே நூலின் வலைப்பக்கம். இந்தச் செயலி தன்னுடையதுதான் என்று தளம் ஒரு கோப்பில் அறிவித்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் assetlinks.json. செயலியின் கையொப்பச் சான்றிதழுக்குரிய கைரேகை எண் அதில் இருக்கும். பிளே ஸ்டோர் தன் திறவுகோலால் மறுபடி கையொப்பமிடுவதை மறந்து, நிரலாளர் தம் திறவுகோலின் எண்ணையே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. செயலி நிறுவியிருந்தும் இணைப்பு உலாவியிலேயே திறந்தால் முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

செயலியை நிறுவிய பிறகும் அதே நூலுக்குப் போக வேண்டுமென்றால் வேலை இன்னும் கடினம். செயலிக் கடையில் நுழைந்து வெளியே வருவதற்குள் நூலின் எண் தொலைந்துவிடும். நிறுவலுக்கு அனுப்பும் இணைப்பில் referrer என்று ஒரு குறிப்பைச் சேர்த்தால், பிளே ஸ்டோர் அதைப் புதிய செயலியிடம் ஒப்படைக்கும். ஆப்பிளின் கடையில் இதற்கு நிகரான வழி இல்லை. இந்த வேலையைச் செய்துவந்த கூகுளின் ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் சேவையும் 2025 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'உள்ளிணைப்பு' என்றால், ஒரே தளத்தின் பக்கங்களுக்கு இடையிலான இணைப்போடு குழம்பும். ஆழ்கடல், ஆழ்துளை, ஆழ்மனம் என்று பழகிய 'ஆழ்' பொருத்தமானது. புணர்த்தி எழுதினால் ஆழிணைப்பு. முதற்பார்வையில் 'ஆழி' என்ற கடல் கண்ணில் படும்; அது உறுத்தினால் ஆழ்-இணைப்பு என்று இடைக்கோடு போட்டுக்கொள்ளலாம். நிறுவலைத் தாண்டியும் இடத்தை நினைவில் வைத்திருக்கும் வகையை 'ஒத்திவைத்த ஆழிணைப்பு' என்பேன்.