மெலிவுக் குளிசையும் இதயத் துடிப்பும்

ஆவணிக் கலியாணங்கள் நெருங்கும்போது யாழ்ப்பாணத்தில் மெலிவுக் குளிசை வியாபாரம் சூடு பிடிக்கும். வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வரும், ஜிம்முக்குப் போகிற தம்பிமார் கையில் ஒரு போத்தல் இருக்கும், கனடாவிலிருந்து வரும் பார்சலில் சொக்லேற்றோடு ஒரு பெட்டியும் வரும். கேட்டால், "அக்கா, இது முழுக்க மூலிகை, ஒரு பக்கவிளைவும் இல்லை" என்பார்கள். போட்டவர்களில் சிலருக்குப் பசி அடங்கி எடையும் குறைகிறது. மூலிகைக்கு அவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் "கொழுப்பை எரிக்கும்" என்ற பேச்சைப் பார்ப்போம். பயந்தாலோ ஓடினாலோ நம் உடலில் அட்ரினலினும் நோர்அட்ரினலினும் சுரக்கும். கொழுப்புச் செல்லின் மேற்பரப்பில் இவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. சைகை கிடைத்ததும் செல்லுக்குள் இருக்கும் கொழுப்பு உடைந்து கொழுப்பமிலமாக இரத்தத்துக்குள் வரும். ஊக்கிப் பொருட்கள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் இந்தச் சைகையைக் கூட்டுபவைதான். ஆனால் வெளியே வந்த கொழுப்பு எரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தசைக்கு அது தேவைப்படாவிட்டால் உடல் அதை மறுபடி கொழுப்பாகவே சேர்த்து வைத்துவிடும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு கோப்பை கோப்பியில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் கஃபீன் என்ற ஊக்கி இருக்கும். அது ஓய்வில் இருக்கும் உடலின் சக்திச் செலவை இரண்டரை மணித்தியாலத்துக்கு 3 முதல் 4 வீதம் கூட்டுகிறது. ஓய்வில் நாளுக்கு 1500 கலோரி செலவாகும் ஒருவருக்கு இது வெறும் 5, 6 கலோரி. பிளேன்ரீயில் போடும் அரைத் தேக்கரண்டி சீனிக்கும் குறைவு. ஒரு கிலோ கொழுப்பில் கிட்டத்தட்ட 7700 கலோரி இருக்கிறது. ஆகவே கஃபீனை இரண்டு மூன்று மடங்காக்கினாலும் இடுப்பு அளவு மாறப்போவதில்லை.

சரி, மருந்தைக் கூட்டினால்? அங்கேதான் இதயம் குறுக்கே வருகிறது. கொழுப்புச் செல்லில் இருக்கும் அதே குடும்பத்து ஏற்பிகள் இதயத்திலும் இருக்கின்றன. இரத்தத்தில் வரும் சைகை கொழுப்புக்கு மட்டும் போய்விட்டு நின்றுகொள்ளாது. துடிப்பு வேகமாகும், இரத்தக்குழாய் சுருங்கும், பிறசர் ஏறும். ஊக்கியின் வலுவைக் கூட்டக் கூட்ட இதயத்தின் சுமையும் கூடவே ஏறும்.

எங்கள் வெயிலுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தோலுக்கு இரத்தம் ஓடினால்தான் உடற்சூடு வெளியேறும். எஃபெட்ரின் போன்ற ஊக்கி அந்தத் தோல் இரத்தக்குழாய்களையே சுருக்குகிறது, உள்ளே சூட்டையும் கூட்டுகிறது. 2003 பெப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது அமெரிக்க பேஸ்பால் வீரர் புளோரிடாவில் பயிற்சியின்போது வெப்ப அதிர்ச்சியில் விழுந்து, அடுத்த நாள் இறந்தார். அவர் எஃபெட்ரின் உள்ள எஃபெட்ரா என்ற மூலிகை கலந்த மெலிவு மருந்து பாவித்திருந்தார். அடுத்த வருடம் அமெரிக்கா எஃபெட்ரா கலந்த துணையுணவுகளைத் தடை செய்தது. சித்திரை வெயிலில் தகரக் கூரை ஜிம்முக்குள் இப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு எடை தூக்குகிறவரை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

இனி அந்த "மூலிகை" பெட்டிக்கு வருவோம். பெட்டியில் பெரும்பாலும் கொறுக்காய்ப்புளி, பச்சைத் தேயிலை என்று எழுதியிருக்கும். கொறுக்காய்ப்புளிச் சாற்றை 1998 இல் ஒழுங்கான பரிசோதனையில் வைத்துப் பார்த்தார்கள். மருந்தே இல்லாத வெற்றுக் குளிசையை விட அது எடையைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. ஆகவே ஒரு பெட்டி உண்மையில் பசியைக் கொல்கிறது என்றால், எழுதாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை மருந்து கலந்ததாகக் கண்டறிந்த மெலிவுப் பொருட்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றில் இருந்தது சிபுட்ரமைன்.

சிபுட்ரமைன் ஒரு காலத்தில் வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்து. மூளையில் நரம்புகள் சைகைக்காக வெளிவிடும் நோர்அட்ரினலினும் செரட்டோனினும் நரம்புக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கும். அதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த உணர்வு வரும். ஆனால் நோர்அட்ரினலின் தங்குவது மூளையில் மட்டுமல்ல. இதய நோயோ நீரிழிவோ உள்ள கிட்டத்தட்ட 10,000 பேரிடம் பல வருடம் நடந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 10 வீதமாகவும் சிபுட்ரமைன் எடுத்தவர்களில் 11.4 வீதமாகவும் இருந்தன. 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது சந்தையிலிருந்து போய்விட்டது. பிறசர் பார்த்து, நாளுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கொடுத்தபோதே நிலைமை இது.

இப்போது ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 38 வயது, 80 கிலோ, பிறசர் இருப்பது தெரியாது. மனச்சோர்வுக்குச் செர்ட்ரலின் எடுக்கிறார், அதை வெளியில் சொல்வதில்லை. காலையில் சிபுட்ரமைன் ஒளிந்திருக்கும் ஒரு "மூலிகை"க் கப்சியூல் போடுகிறார். மத்தியானம் சோறு பாதியிலேயே போதும் என்றாகிறது. வாய் காய்கிறது. இரவு நித்திரை வராது, ஏனென்றால் சிபுட்ரமைனிலிருந்து உடல் உண்டாக்கும் செயலுள்ள பொருட்கள் இரத்தத்தில் பாதியாகக் குறையவே 14 முதல் 16 மணித்தியாலம் எடுக்கும். முதல் வாரம் 2 கிலோ குறைகிறது. அதில் பெரும்பங்கு தண்ணீர்: குறைவாகச் சாப்பிட்டதால் ஈரலிலும் தசையிலும் இருந்த மாச்சத்து கரைய, அதோடு ஒட்டியிருந்த நீரும் போய்விட்டது. அவர் சந்தோசத்தில் குளிசையை இரண்டாக்குகிறார். ஏறிய பிறசர் வெளியே தெரியாது. செர்ட்ரலினும் செரட்டோனினைத்தான் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் கைநடுக்கம், வியர்வை, பதற்றம், காய்ச்சல் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரியில் "வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் அவர் இல்லை என்பார். மூலிகையை மருந்தாக அவர் எண்ணவில்லை.

சிபுட்ரமைனை வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. நிறமோ மணமோ காட்டிக் கொடுக்காது, ஆய்வுகூடக் கருவி வேண்டும். இதே பெட்டிகளில் அகப்படும் இன்னொரு பொருள் பினோப்தலீன். உயர்தர இரசாயனவியல் படித்தவர்களுக்குத் தெரியும், காரத்தில் இளஞ்சிவப்பாக மாறுமே, அதுதான். மலச்சிக்கலுக்குக் கொடுத்து வந்த அதை, எலிகளில் புற்றுநோய் கண்டபின் பல நாடுகள் கைவிட்டன. சலவைச் சோடா நீரில் தூளைப் போட்டால் சிவக்கும் என்பது உண்மைதான். ஆனால் நிலாவிரையும் காரத்தில் சிவக்கும். சிவக்காவிட்டால் சிபுட்ரமைன் இல்லை என்றும் ஆகாது. ஆகவே அந்தச் சோதனையை நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கப்சியூலை நிறுத்திவிட்டு, பெட்டியை எறியாமல் வைத்திருங்கள். காலையில் எழும்பு முன் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். படுத்திருக்கும்போதே 100ஐத் தாண்டினால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். நிறுத்திய பிறகும் சில நாட்களுக்கு மருந்து உடலில் இருக்கும், ஆகவே தடிமன் குளிசை, மனச்சோர்வுக் குளிசை எடுப்பதானால் பெட்டியைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக் குளிசையை மட்டும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சு நோ, மயக்கம், முகமோ கையோ ஒரு பக்கமாக இழுப்பது, நடுக்கத்தோடு கடுங்காய்ச்சல் என்றால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை. ஏறும்போது அந்தப் பெட்டியும் கையில் இருக்கட்டும்.