படகுக்கழுத்து: சொல் விளக்கம்

தையலகங்களில் 'போட் நெக்' என்று வழங்கும் கழுத்து வெட்டு, இரு தோள்முனைகளையும் நோக்கி நீண்டு, முன்னும் பின்னும் ஆழமின்றி, காறையெலும்பை ஒட்டிக் கிடையாகச் செல்வது. அகன்ற வாயும் கூரிய இரு முனைகளுமாகப் படகின் பக்கத் தோற்றத்தை அது நினைவூட்டுகிறது. 1858-ல் பிரெஞ்சுக் கடற்படையின் சீருடையில் சேர்ந்த கோடிட்ட உள்சட்டையோடும் இக்கழுத்தை இணைத்துப் பேசுவர். பிரெஞ்சில் இதற்கு 'பாத்தோ' என்று பெயர். அச்சொல்லோ பழைய ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. ஆகவே ஆங்கிலத்தார் இதை 'பாத்தோ நெக்' என்னும்போது தம் சொல்லையே வேடம் மாற்றி வரவேற்கிறார்கள்.

தமிழில் 'தோணிக்கழுத்து' எனலாம். ஆனால் பேச்சில் 'தோன்றி' என்பதும் 'தோணி' என்றே ஒலிப்பதால் 'படகுக்கழுத்து' என்பதே தெளிவு. படகு போன்ற கழுத்து என விரியும் உவமைத்தொகையாதலால் இடையில் ஒற்று மிகும்.

குறுகிய தோளினருக்கு இது பொருந்துவதன் காரணம் அளவிலேயே தெரியும். தோள் அகலம் பதின்மூன்றரை அங்குலம் உள்ள ஒருவருக்கு வழக்கமான கழுத்தகலம் ஆறரை அங்குலம் வைத்தால், பக்கத்திற்கு மூன்றரை அங்குலத் துணி தோளில் நிற்கும். கண் நடுவிலுள்ள பள்ளத்தில் நின்றுவிடும். கழுத்தகலத்தைப் பத்தரை அங்குலமாக்கி, முன் இறக்கத்தை இரண்டரை அங்குலத்தில் நிறுத்தினால், தோள்துணி ஒன்றரை அங்குலமாகச் சுருங்கி, பார்வை ஒரு தோளிலிருந்து மறுதோள்வரை தடையின்றி ஓடும்.

அகலத்தை மட்டும் கூட்டி வெட்டுவதே வழக்கமான தவறு. அணிபவர் சற்றுக் குனிந்ததும் முன்கழுத்து உடலை விட்டு விலகிப் பை போல் தொங்கினால் அத்தவறு நேர்ந்திருக்கிறது என்று அறியலாம். காறையெலும்பின் கீழுள்ள பள்ளத்தில் துணிக்குப் பிடிமானம் இல்லை என்பதே காரணம். பின்துண்டைவிட முன்துண்டின் கழுத்தகலத்தைப் பக்கத்திற்குக் கால் அங்குலம் குறைத்து, இரு தோள் தையல்களின் நீளத்தையும் சமமாக வைத்துத் தைத்தால், பின்துண்டு முன்கழுத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெட்டியவுடன் விளிம்பில் ஓர் ஓட்டுத்தையல் போடாவிட்டால், கையாளும்போதே அது நீண்டுவிடும்.

இவ்வெட்டு தோற்றத்தை மாற்றுமே தவிர, உடலின் வெளிக்கோட்டை மாற்றாது. அதற்குத் தோள்திண்டு, அதாவது 'ஷோல்டர் பேட்' வைத்த ஜாக்கெட்டோ, மேல்முனையில் சுருக்கம் திரட்டிய பஃப் கையோ வேண்டும். திண்டு தோள்முனையைத் தாண்டி அரை அங்குலம் வரை நீளலாம். அதற்கு மேல் போனால் கையின் மேற்பகுதியில் குழி விழுந்து குட்டு வெளிப்படும். படகுக்கழுத்தின்மேல் மடிப்புக் காலர் உள்ள ஜாக்கெட்டை அணிந்தால், காலரின் சரிவு அந்தக் கிடைக்கோட்டை நடுவிலேயே வெட்டிவிடும். காலரில்லாத ஜாக்கெட்டே இதற்கு இணை.