“பயமெல்லாம் இல்ல டாக்டர்”: பதற்ற நோய் என்ற பெயரில் வரும் ஆட்டிசம்

ஒன்பது வருடக் கோப்பு அது. ஐந்து ஈ.சி.ஜி., இரண்டு எக்கோ. தைராய்டு எத்தனை தடவை பார்த்தார்கள் என்று எண்ணவில்லை. எல்லாமே நார்மல். பாண்டி கோயிலில் மந்திரித்துக் கட்டிய கயிறும் கையில் இருந்தது. கோப்பின் கடைசி இரண்டு வருடச் சீட்டுகள் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. பானிக் டிஸார்டர் என்றும் அதற்குக் கீழே சோஷியல் ஆங்ஸைட்டி என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டு வருடமாகத் தப்பாகப் பார்த்தவள் நான். அதனால்தான் முதுநிலை மனநல மருத்துவ மாணவர்களுக்கு இந்த கேஸையே எடுத்துச் சொல்கிறேன்.

அவரைக் கலைச்செல்வி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று பேரின் விவரங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். வயது 34. திருமங்கலம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறார். வேலையில் ஒரு குறையும் கிடையாது. கல்யாண மண்டபம், காதுகுத்து, வளைகாப்பு என்று கூட்டம் கூடும் இடத்துக்குப் போனால் மட்டும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வாந்தி வரும். எஸ்சிட்டலோபிராம் 20 மில்லிகிராம், குளோனாசெபாம் தினமும் ஒரு மில்லிகிராம் என்று பதற்றத்துக்கான மாத்திரைகள் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருந்தன.

நான் செய்தது பாடப்புத்தகத்தில் உள்ள எக்ஸ்போஷர்தான், அதாவது பயப்படும் இடத்திலேயே இருந்து பழகுவது. மண்டபத்தில் உட்காருங்கள், பதற்றம் பாதியாகக் குறையும்வரை எழுந்து வராதீர்கள், நூற்றுக்கு எவ்வளவு என்று அரை மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். சோஷியல் ஆங்ஸைட்டியில் பெரும்பாலும் அந்த எண் ஏறி, சற்று நின்று, இறங்கும். இவர் குறித்துக்கொண்டு வந்தது 40, 50, 60, 75, 90. இறங்கவே இல்லை. பந்தியில் உட்காரும் முன் வாந்தி. அடுத்த இரண்டு நாள் இருட்டறையில் படுக்கை. மூன்று விசேஷம் இப்படியே போனது. “ஒத்துழைப்பு போதவில்லை” என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது.

மாற்றியது ஒரு கேள்வி. “அந்த நேரத்துல எதை நெனச்சுப் பயந்தீங்க?” என்று எத்தனையோ தடவை கேட்டிருப்பேன், அவரும் “தெரியல” என்றே சொல்வார். உணர்ச்சிக்குப் பெயர் வைக்க முடியாதவர்களிடம் அந்தக் கேள்வி எங்கும் போய்ச் சேராது. அன்று, “மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதுல இருந்து உடம்புக்கு என்னென்ன ஆச்சுன்னு வரிசையா சொல்லுங்க” என்றேன்.

“பயமெல்லாம் இல்ல டாக்டர். மைக்செட் சத்தம் பல்லுல இடிக்கிற மாதிரி இருக்கும். பட்டுச்சேலை ஜரிகை கழுத்துல அறுக்கும். மல்லிகைப்பூ வாடை ஒரு பக்கம், சாம்பார் வாடை ஒரு பக்கம். அதுக்குள்ள நாலு பேரு ஒண்ணா பேசுவாங்க, யாருக்கு எப்பப் பதில் சொல்லணும்னு பிடிபடாது. ரெண்டு மணி நேரத்துல எல்லாம் சேர்ந்து பொங்கிரும்.”

ரெண்டு மணி நேரம் என்ற சொல்லில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பானிக் அட்டாக் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும். செத்துப்போவேன், பைத்தியமாகிவிடுவேன் என்ற எண்ணம் பெரும்பாலும் கூடவே வரும். இவருடையது மெல்ல மெல்லச் சேர்ந்து ஏறுவது. “ஒண்ணும் ஆகாதும்மா” என்ற ஆறுதலால் அது தணியவில்லை. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு அரை மணி நேரம் தனியாக இருந்தபோதுதான் தணிந்தது. சத்தமும் உரசலும்தான் ஆரம்பம். படபடப்பு அதன் விளைவு. நாம் விளைவுக்குப் பெயர் வைத்துவிட்டு ஆரம்பத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். ஒலி, தொடுகை, மணம் ஆகியவற்றுக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுவது 2013-இல் வந்த மனநோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்-5-இல் ஆட்டிச அளவுகோலிலேயே இருக்கிறது. ஆனால் பதற்ற நோயாளியிடம் அதை யார் கேட்கிறோம்?

அடுத்தது பேச்சு. “வீட்டுக்கு வந்தவங்களோட நல்லாத்தானே பேசுறீங்க, மாமியாரே சொல்றாங்களே” என்றேன். சிரித்தார். நம் பக்கம் வந்தவர்களை “வாங்க” என்று கேட்காவிட்டால் அது ஏழு தலைமுறைக்கும் நிற்கும் குற்றம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் அதில் இரண்டு தடவை மாட்டி, திமிர் பிடித்தவள் என்ற பெயர் வாங்கியிருக்கிறார். அதன்பின் தன் மதினியை ஒரு மாதம் கவனித்தாராம். “வாங்க, எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களா, உங்க பக்கம் மழை உண்டா” என்ற நாலு வாக்கியம். மதினி எங்கே சிரிக்கிறார், எந்த இடத்தில் கையைத் தட்டுகிறார், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகியிருக்கிறார். நாலு வாக்கியம் முடிந்ததும் கையிருப்பு காலி. உடனே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார். குழாய்ச் சத்தத்தில் மற்றச் சத்தம் அமுங்கிவிடும், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் “என்ன பொறுப்பான மருமக” என்பார்கள்.

மாஸ்க்கிங் என்று நாம் படிப்பது இதைத்தான். நம் ஊரில் அதைக் கண்டுபிடிப்பது இரட்டிப்புக் கஷ்டம். பெண் தலை குனிந்திருந்தால் அடக்கம், குறைவாகப் பேசினால் குணம், கூட்டத்தை விட்டு அடுப்படிக்குப் போனால் பொறுப்பு. நம் பரிசோதனையில் ‘கண் தொடர்பு போதுமானது’ என்று எழுதுவதற்கும் இங்கே பெரிய மதிப்பு கிடையாது. கலைச்செல்வி என் புருவ மத்தியைப் பார்த்துத்தான் இரண்டு வருடம் பேசியிருக்கிறார். அவராகச் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

கேட்-க்யூ என்ற படிவம் 2019-இல் வந்தது. 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. மொத்தம் 100-ஐத் தாண்டினால் மறைத்து வாழும் சுமை அதிகம் என்று கொள்ளலாம். இவருக்கு 138. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆட்டிசம் என்று எழுதிவிடாதீர்கள். சோஷியல் ஆங்ஸைட்டி உள்ளவர்களும் கூச்சத்தை மறைக்கத்தான் செய்கிறார்கள். எனக்கு அந்தப் படிவம் பேச்சைத் தொடங்க உதவியது, அவ்வளவே. நேர்காணல் வகைப் பரிசோதனைகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமைதியான அறை, ஒரே ஒரு ஆள், ஒழுங்கான கேள்வி: இப்படிப்பட்டவர்கள் மிக நன்றாகத் தாக்குப்பிடிக்கும் சூழ்நிலையே அதுதான்.

முடிவு செய்தது குழந்தைப் பருவ வரலாறு. டி.எஸ்.எம்-5 அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும் என்கிறது. அதே வரியிலேயே, சமூகத்தின் எதிர்பார்ப்பு திறனைத் தாண்டும்வரை அவை முழுதாக வெளிப்படாமல் இருக்கலாம், பிற்காலத்தில் கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம் என்கிறது. நம் பெண்கள் பலருக்கு அந்த எதிர்பார்ப்பு கூடும் நாள், கழுத்தில் தாலி ஏறும் நாள்.

உசிலம்பட்டியிலிருந்து அவருடைய அம்மாவை வரச் சொன்னேன். “சின்ன வயசுல பிள்ளை எப்படிம்மா?” என்றால், “ஒரு தொந்தரவும் இல்ல டாக்டரம்மா, இருக்கிற எடமே தெரியாது” என்பதோடு முடிந்துவிடும். கேள்வியைத் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இறக்கிக் கேட்க வேண்டும். இடைவேளையில் யாரோடு விளையாடினாள்? ஒரே ஒரு சினேகிதி. அவள் ஏழாம் வகுப்பில் ஊர் மாறிப் போனதும் இவள் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள், அதன்பின் மத்தியானச் சாப்பாடு தனியாகத்தான். என்ன சாப்பிடுவாள்? வெள்ளைச் சோறும் தயிரும். கத்தரிக்காய் நாக்கில் பட்டால் ஓங்கரிப்பாள். வேன் டிரைவர் மாறினால்? அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, “பிள்ளைகன்னா அப்படித்தான டாக்டரம்மா, நானும் அப்படித்தான் இருந்தேன்” என்றார். அந்தக் கடைசி வார்த்தையையும் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் குடும்பத்தில் ஓடுவது. அம்மா தன்னை அளவுகோலாக வைத்துப் பார்ப்பதால் மகளிடம் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

குறுகிய, ஆழ்ந்த ஈடுபாடு உண்டா என்று கேட்டால் பெண்களிடம் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். ரயில் பட்டியலை ஒப்பிக்கும் பையனை மனதில் வைத்து நாம் கேட்கிறோம். அம்மாதான் பையிலிருந்து கோல நோட்டுகளை எடுத்தார். நாலாம் வகுப்பிலிருந்து பதினான்கு நோட்டு. நேர்ப்புள்ளி தனி, இடுக்குப்புள்ளி தனி. புள்ளி எண்ணிக்கைப்படி அடுக்கி, ஒவ்வொரு சிக்குக் கோலத்துக்கும் இழை எத்தனை என்ற குறிப்பு. 15 புள்ளி 8 வரை என்ற ஒரே அமைப்பில் மட்டும் இரண்டு நோட்டு. வாசலில் ஒரு புள்ளி தள்ளி விழுந்தாலும் முழுவதையும் தண்ணீர் ஊற்றி அழித்துவிட்டு மறுபடி போடுவாராம், வேலைக்கு நேரமானாலும் சரி. ஊரில் அதைக் கைத்திறமை என்றார்கள், அது உண்மையும்கூட. பெண்களிடம் ஈடுபாட்டின் பொருள் சாதாரணமாகவே இருக்கும். அதன் அளவையும் அது தடைபட்டால் என்ன நடக்கிறது என்பதையும்தான் பார்க்க வேண்டும்.

எதிர்த்தவறும் நடக்கிறது. அதே மாதம் ஒரு கல்லூரி மாணவி, வீடியோ பார்த்துவிட்டுத் தனக்கும் ஆட்டிசம் என்று வந்தார். பத்தாம் வகுப்புவரை மேடையில் பாடியவர். வகுப்பில் நடந்த ஒரு அவமானத்துக்குப் பிறகு வாயடைத்துப்போனவர். தோழிகள் மத்தியில் அருவியாகப் பேசுவார், வீட்டுக்குப் போனதும் களைப்பு எதுவும் இல்லை. அவருக்கு இருந்தது சோஷியல் ஆங்ஸைட்டி. வழக்கமான எக்ஸ்போஷரிலேயே தேறினார். பிடித்தவர்களோடு இருந்தபின்னும் களைப்பு வருகிறதா, அது எத்தனை நேரம் நிற்கிறது என்று நான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். கலைச்செல்விக்குச் சொந்த அக்கா வந்து போனாலே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுக்கை.

சிகிச்சையில் முதலில் நிறுத்தியது மண்டப எக்ஸ்போஷர். புலன் சுமை, பழகினால் குறையும் பயம் மாதிரி அல்ல. முகூர்த்தத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம், பந்திக்கு இல்லை, பருத்திச் சேலை, தலைமுடிக்குள் மறையும் இயர்பிளக், முந்தின நாளும் மறுநாளும் வேறு எதுவும் கிடையாது. குளோனாசெபாமை இரண்டு வாரத்துக்கு 0.125 மில்லிகிராம் வீதம் குறைத்தோம். கணக்குப்படி நாலு மாதம், கடைசிக் கட்டம் இழுத்ததில் ஆறு மாதம் ஆனது. எஸ்சிட்டலோபிராமையும் மெல்ல இறக்கி 5 மில்லிகிராமில் நிறுத்தினோம். 20-இல் கை கால் பரபரத்ததை முன்பு நோயின் கணக்கில் எழுதிவிட்டேன். புதிதாக ஆரம்பிப்பதென்றால் இவர்களுக்கு நான் இப்போது 2.5-இல்தான் ஆரம்பிக்கிறேன்.

கோப்பில் என்ன எழுதுவது என்பதை அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன். இங்கே கோப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர் கணவரோ மாமனாரோதான். ‘ஆட்டிசம்’ என்றால் அவர்களுக்குத் தெரிவது பேச்சு வராத குழந்தை. பிற்பாடு பஞ்சாயத்தில் அந்தச் சொல் ஆயுதமாகும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கும் உரிமையை நோயாளிக்கே கொடுத்திருக்கிறது. கணவரிடம் அவரே சொன்னார், மூன்று மாதம் கழித்து, கோல நோட்டைக் காட்டிக்கொண்டே.

பதற்றம் முழுக்கப் பொய் என்று நினைத்துவிட வேண்டாம். சுமையைக் குறைத்த பிறகும் ஒன்று மிஞ்சியது: நடித்துக்கொண்டிருப்பதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். அது நிஜமான பயம். எழுதி வைத்துப் பேசும் விதமாக மாற்றிய சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சைக்கு அது நன்றாகவே கட்டுப்பட்டது. ‘இந்த மறைப்பிலேயே அலுத்துப்போய் வாழ வேண்டாம் என்று தோன்றியதுண்டா’ என்று நேராகக் கேட்டேன். உண்டு என்றார், இரண்டு தடவை. ஒன்பது வருடக் கோப்பில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகக் குறிப்பில்லை, நான் உட்பட.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். “பட்டுச்சேலை கட்ட மாட்டேங்குறா, பந்தியில உக்கார மாட்டேங்குறா” என்று மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாராம்.