பதினொன்றா, பதினேழா? பழைய கடன் பேரேட்டின் தேதிகளைக் கணினியில் ஏற்றும் முறை

பேரேட்டின் 46-ஆம் பக்கம், இரண்டாவது வரி. ரசீது எண் 418. அசல் வரவு 300 ரூபாய், வட்டி 71 ரூபாய் 35 காசு, நிலுவை 700 ரூபாய். எல்லாம் தெளிவாக இருக்கிறது. தேதியில் மட்டும் மை இறங்கிப் போயிருக்கிறது. மாதமும் வருடமும் 1-83 என்று தெரிகின்றன. நாளின் முதல் இலக்கம் 1. அடுத்தது ஒரு நேர்க்கோடு, அதன் தலையில் லேசான ஒரு கீற்று. அது 1-ஆ, 7-ஆ? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் முடிவு சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்து ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பழைய கடன் பேரேடுகளைத் தட்டச்சு செய்யும் வேலையில் நான் சில மாதங்கள் இருந்தேன். இந்தியா முழுவதும் இப்படிப்பட்ட சுமார் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் தந்தது. புதுக் கணக்கு கணினிக்குப் போய்விடும். அலமாரியில் இருக்கும் பழைய பேரேட்டை மட்டும் ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். தொகைகளைப் படிப்பது அவ்வளவு கடினமில்லை, ஏனென்றால் கூட்டிக் கழித்தால் தவறு தெரிந்துவிடும். தேதியைக் கூட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் தேதிக்கான சாட்சிகளை அதே பக்கத்தின் மற்ற பத்திகளில்தான் தேட வேண்டும்.

முதல் சாட்சி வட்டி. கடன் பட்டுவாடா ஆனது 14/6/82, தொகை 1,000 ரூபாய். பக்கத்தின் தலையில் வட்டி 12 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. தனிவட்டிக் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான்: அசலை வட்டி விகிதத்தாலும் நாட்களாலும் பெருக்கி 36,500-ஆல் வகுக்க வேண்டும். 1982 ஜூன் 14-இலிருந்து 1983 ஜனவரி 11 வரை 211 நாட்கள். ஜனவரி 17 வரை 217 நாட்கள்.

```
1000 × 12 × 211 ÷ 36500 = 69.37
1000 × 12 × 217 ÷ 36500 = 71.34
```

பேரேட்டில் இருப்பது 71.35. அப்போது காசுகளை ஐந்தின் மடங்காக முழுமையாக்கி எழுதியிருக்கிறார்கள். ஆகவே 17.

ஆனால் இந்தக் கணக்கை நம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்தச் சங்கத்தில் நாட்களை எப்படி எண்ணினார்கள் என்று தெரிந்தாக வேண்டும். கடன் கொடுத்த நாளையும் சேர்த்தார்களா, கட்டிய நாளைச் சேர்த்தார்களா, இல்லை மாதக் கணக்காகப் போட்டார்களா? ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். “பட்டுவாடா பண்ணுன நாளைச் சேர்க்க மாட்டோம் தம்பி, கட்டுற நாளைச் சேர்ப்போம்” என்றார். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். தேதிகள் பளிச்சென்று தெரியும் ஐந்தாறு வரிகளை எடுத்து, வட்டியைப் போட்டுப் பார்த்தால் எந்த முறையில் விடை பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். அந்த முறையைக் கொண்டுதான் மங்கிய வரிகளைத் தொட வேண்டும். எழுத்தர் மாறினால் முறையும் மாறியிருக்கலாம். கையெழுத்து மாறும் இடத்தில் இந்தச் சோதனையை மறுபடியும் செய்வது நல்லது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 1,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 33 காசு வருகிறது. ஐந்து காசு முழுமையாக்கலில் அது மறையாது, ஆகவே ஒரு நாள் பிசகினாலும் தெரியும். 100 ரூபாய்க் கடனாக இருந்தால் ஒரு நாள் வட்டி 3 காசு சொச்சம்தான். அங்கே 11-ஐயும் 17-ஐயும் பிரிக்கலாம், ஏனென்றால் இடைவெளி ஆறு நாள், 20 காசு. 16-ஐயும் 17-ஐயும் உறுதியாகப் பிரிக்க முடியாது. சின்னக் கடன்களின் தேதிக்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்த வேறு சாட்சி ரசீது எண். பேரேடு என்பது ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனிப் பக்கம். டே புக் என்று ஊழியர்கள் சொல்லும் நாளேட்டிலோ அன்றன்று வந்த எல்லா வரவும் வரிசையாக இருக்கும். ஒரே பணம் இரண்டு இடத்திலும் பதிவாகியிருக்கும், இரண்டையும் இணைப்பது ரசீது எண். நாளேட்டில் 418-ஆம் ரசீது இருக்க வேண்டிய பக்கத்தின் மூலையைச் செல் அரித்திருந்தது. பரவாயில்லை, 409-ஆம் ரசீது 13-1-83 என்றும், 425 என்பது 18-1-83 என்றும் தெளிவாக இருந்தன. அப்படியென்றால் 418 அந்த இரண்டுக்கும் நடுவில். 11 என்பதற்கு இடமே இல்லை. 14-ஆம் தேதி பொங்கல், 15 மாட்டுப் பொங்கல், 16 ஞாயிறு. 17 திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் அந்த மனிதர் வந்து கட்டியிருக்கிறார். இரண்டு சாட்சிகள் தனித்தனியாக ஒரே நாளைச் சொன்னால் அந்தத் தேதியைத் தைரியமாக ஏற்றலாம்.

அடுத்த வரியில் தேதி 20-6 என்று மட்டும் இருக்கிறது. வருடத்தை எழுதவில்லை. மீதி 700 ரூபாய்க்கு வட்டி 35.45. ஜனவரி 17-இலிருந்து அதே வருடம் ஜூன் 20 வரை 154 நாட்கள், வட்டி 35.44. சரி, வருடம் 1983. ஒரு வருடம் தள்ளி 1984 என்றிருந்தால் வட்டி 119 ரூபாயைத் தாண்டியிருக்கும்.

வருடம் எழுதாத வரிகள் நாளேட்டில்தான் அதிகம். முதல் வரியில் முழுத் தேதி இருக்கும், கீழே வெறும் நாளும் மாதமும். இதற்கு எல்லோரும் வைத்துக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: மாதம் 12-இலிருந்து 1-க்கு இறங்கினால் வருடத்தை ஒன்று கூட்டு. பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் விட்டுப்போன ஒரு டிசம்பர் வரவை ஜனவரியில் எழுதியிருப்பார்கள். 9-1-க்குக் கீழே 28-12 என்று வரும். விதியை அப்படியே பின்பற்றினால் அந்த வரி அடுத்த டிசம்பருக்குப் போய்விடும், அதற்குக் கீழே வரும் ஜனவரி வரிகள் எல்லாம் இன்னும் ஒரு வருடம் முன்னால் ஓடிவிடும். இதைப் பிடிப்பது சுலபம். அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு இடையே பதினொரு மாதம் தாவியிருக்கிறது, ரசீது எண்ணோ ஒன்றிரண்டுதான் கூடியிருக்கிறது என்றால் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

தேதிப் பத்தியில் வெறும் இரட்டைக் கோடு போட்டிருக்கும் வரிகளும் உண்டு. மேலே உள்ள அதே தேதி என்று அர்த்தம். பழைய கையெழுத்துகளில் இதற்குப் பதிலாக மேற்படி என்பதன் சுருக்கமான ௸ இருக்கும். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵ என்றும் குறிகள் இருந்தன. எவ்வளவு அழகான சுருக்கெழுத்து! ஆனால் தாளில் மட்டுமே அதற்கு உயிர். கணினியில் அப்படியே ஏற்றிவிட்டு உறுப்பினர் எண் வாரியாக வரிசைப்படுத்தினால், ௸ எந்தத் தேதியைச் சுட்டியதோ அது அதன் மேலே இருக்காது. ஆகவே மேற்படிக் குறி வரும் ஒவ்வொரு வரியிலும் தேதியை முழுதாக எழுதிவிட வேண்டும். பக்கத்தின் முதல் வரியே மேற்படியாக இருந்தால் முந்தைய பக்கத்தின் கடைசித் தேதியைப் பார்க்க வேண்டும். பக்கங்களைப் படமெடுத்து ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கும்போது இந்த இடத்தில்தான் தேதி அறுந்துபோகும். அதனால் முந்தைய பக்கத்தின் படத்தையும் சேர்த்தே கொடுப்போம்.

தமிழ் மாதத் தேதி வந்தால் பஞ்சாங்கம் வேண்டும். தமிழ் மாதங்களுக்கு 29 முதல் 32 நாட்கள் வரை இருக்கும், அந்த நீளமும் வருடத்துக்கு வருடம் சற்று மாறும். இன்று சித்திரை 1 என்றால் ஏப்ரல் 14, நூறு வருடத்துக்கு முன் பெரும்பாலும் ஏப்ரல் 13. எனவே இன்றைய காலண்டரை வைத்து அன்றைய ஆவணி 9-ஐ மாற்றக் கூடாது. துந்துபி என்று வருடப் பெயர் மட்டும் இருந்தால் அது 1982-இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1922-இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். அறுபது வருடம் என்பதால் தாளும் தொகைகளும் எந்தத் துந்துபி என்று சொல்லிவிடும்.

படித்தாயிற்று, இனி ஏற்ற வேண்டும். இங்கேதான் நல்ல வாசிப்பும் கெட்டுப்போகிறது. நாம் நாளை முதலில் எழுதுகிறோம். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் மாதத்தை முதலில் எதிர்பார்க்கும். 5/4/83 என்று அடித்தால் எக்செல் அதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும், எந்த எச்சரிக்கையும் வராது. 17/1/83 என்று அடித்தால் 17-ஆவது மாதம் இல்லாததால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, ஒரே பத்தியில் பாதி தேதி, பாதி எழுத்து. பத்தியைப் பார்த்தாலே தெரியும்: எழுத்தாக நின்றவை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும், தேதியாக மாறியவை வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் ஒதுங்கியவற்றை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். உண்மையில் கெட்டுப்போனவை வலப்பக்கம் அமைதியாக நிற்பவை. ஒவ்வொரு மாதமும் முதல் பன்னிரண்டு நாட்களில், நாளும் மாதமும் ஒரே எண்ணாக உள்ள நாளை விட்டால் மீதி 11 நாட்கள் தலைகீழாகும். வருடத்தில் 132 நாட்கள்.

அதனால் தேதிப் பத்தியை முதலிலேயே எழுத்து வகைக்கு மாற்றிவிட்டு, வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் நான்கு இலக்க வருடத்தோடு அடிக்கிறோம். 1983-01-17. இதைத் தவறாகப் புரிந்துகொள்ள வழியில்லை, அகரவரிசைப்படி அடுக்கினாலும் காலவரிசை தானாக வந்துவிடும். இரண்டு இலக்க வருடத்தை விட்டால் 24 என்பதை எக்செல் 2024 என்று எடுத்துக்கொள்ளும். 1924-ஆம் ஆண்டுப் பேரேட்டுக்கு அது நூறு வருடப் பிழை.

கடைசியாக ஒன்று. பேரேட்டில் இருந்ததையும் நாம் முடிவு செய்ததையும் தனித்தனிப் பத்திகளில் வைக்கிறோம். படிக்க முடியாத இலக்கத்துக்கு கேள்விக்குறி. வட்டியை வைத்து முடிவு செய்திருந்தால் கடைசிப் பத்தியில் I, ரசீதை வைத்து என்றால் R.

```
page,line,date_written,date_iso,receipt,loan,principal,interest,balance,flag
46,1,14/6/82,1982-06-14,,1000.00,,,1000.00,
46,2,1?-1-83,1983-01-17,418,,300.00,71.35,700.00,IR
46,3,20-6,1983-06-20,,,700.00,35.45,0.00,I
```

மூன்றாவது வரியில் ரசீது எண் கட்டம் காலியாக இருக்கிறது. பேரேட்டில் எழுத்தர் அதை எழுதவில்லை. அந்த ஜூன் மாத நாளேடு அலமாரியில் கிடைக்கவும் இல்லை. ஆகவே அந்த வரிக்கு வட்டி ஒன்றுதான் சாட்சி, அதனால் I மட்டும் போட்டிருக்கிறோம்.